கடல்காற்றே கொண்டுவா

(மணப்பாட்டுக் கரையில் பாய் வள்ளம் ஓடிய காலத்துப் பாட்டு. அவர் பாடுவது கடலில், அவள் பாடுவது கரையில், பின்பாட்டு ஊர்க்கூட்டம். பேச்சு வரும் இடங்களை மெட்டில் இழுக்க வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசிவிட்டுத் தாளத்துக்கு வந்துவிடலாம்.)

கூட்டம்:
ஏலேலோ ஏலேலோ
கரைக்காற்று கொண்டுபோச்சு, கடல்காற்றே கொண்டுவா
இருட்டில் போன வள்ளத்தை வெயிலோடு கொண்டுவா
ஏலேலோ ஏலேலோ

அவள்:
கோழி கூவும் முன்னாலே கதவைத் திறந்து போனாரு
கஞ்சிக் கலயம் கையிலே, கருப்பட்டித் துண்டு மடியிலே
தேரிக்காட்டுக் குளிர்காற்று முதுகைத் தொட்ட நேரத்திலே
நாலு பேரும் தோள் கொடுத்து வள்ளத்தை அலையில் இறக்கினார்
இளையவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன், பாய் விரிந்தது, வள்ளத்து முன்முனை அணியம் வெளியே திரும்பியது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை, அவர் தம்பி இருமுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

அவர்:
கரைக்காற்று நல்ல காற்று, கேட்காமலே தள்ளிவிடும்
கண்ணைக் கசக்கி முடிக்குமுன்னே ஆழக்கடலில் தள்ளிவிடும்
மணல்மேட்டுச் சிலுவைக் கோயில் விரல்கடை உயரம் தெரியும்போது வலையை இழுத்தோம்
சாளை, எல்லாம் சாளை, கண்ணுக்குக் கண் கொழுத்த சாளை
இழுத்துப்போட்டு நிமிர்ந்து பார்த்தால் பாய் தொங்குது
காற்று விழுந்துபோச்சு ஐயா, காற்று விழுந்துபோச்சு

கூட்டம்:
கரைக்காற்று கொண்டுபோச்சு, கடல்காற்றே கொண்டுவா
தண்ணி மேலே நிற்கிற வள்ளம், தள்ளிக்கொண்டு நீயே வா

அவர்:
பங்குனி மாசம் இப்படித்தான், யாரையும் குறை சொல்ல முடியாது
வாடை போயாச்சு, கச்சான் காற்று இன்னும் தொடங்கலை
ரெண்டுக்கும் நடுவிலே அன்றாடம் பகலில் எழும்புகிற கடல்காற்றை நம்பித்தான் அடுப்பு எரியுது
இன்றைக்குப் பார்த்து மேகம் மூடிக்கிடக்கு
துடுப்பு போடலாம் என்றால் வள்ளம் நிறைய மீன் பாரம், கடலோட்டம் நீவாடு வடக்கே இழுக்குது
நாலு முழம் முன்னால் போனால் மூணு முழம் பின்னால் போகுது, தம்பி கை கொப்புளமாச்சு, போதும்டா, துடுப்பை வை, காற்று வரட்டும்.

(பேச்சு)
மூத்தவள்: எம்மா, மணல் சுடவே இல்லையே. நல்லா நடக்க முடியுது.
அவள்: அதான் மக்கா எனக்கும் பயம். மணல் சுட்டால்தான் கடல்காற்று எழும்பும். கரை காயணும், காய்ந்தால்தான் கடல் நம்ம பக்கம் மூச்சு விடும்.
மூத்தவள்: அப்போ வெயில் அடிக்கணுமா?
அவள்: நல்லா அடிக்கணும். உன் காலால் நிற்க முடியாத அளவுக்கு அடிக்கணும்.

அவள்:
சுடு மணலே, சுடு மணலே, என் பிள்ளை கால் கொப்புளிக்கட்டும்
எண்ணெய் தடவி ஆற்றிக்கொள்வேன், நீ சுடு
உச்சிப்பொழுது நெருங்குது, உடன்குடி வியாபாரி சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாச்சு
நேரம் ஆக ஆக அவன் வாயில் விலை இறங்குமே, நீ சுடு

மாமியார்:
மருமகளே, ஓடாதே, மணல் மேட்டுக்கும் அலைக்கும் ஏழு தடவை நடந்தாச்சு
உன் மாமனாரை எதிர்பார்த்து நானும் இதே மேட்டில் நின்றவள்தான்
காற்று வரவில்லை என்றால் செத்தாரா பிழைத்தாரா என்று அழுவதில்லை, காற்று இல்லாத கடல் ஆளைக் கொல்லாது
ஆளைப் பசியில் போடும், மீனைக் கெடுக்கும், வீட்டைக் கடனில் தள்ளும்
அது போதாதா, அதுக்கு அழு, அதுக்கு அழுதால் தப்பில்லை.

கூட்டம்:
ஏலேலோ ஏலேலோ
மேகமே நீ விலகிப்போ, மேட்டு மணலைக் காயவிடு
கரைக்காற்று கொண்டுபோச்சு, கடல்காற்றே கொண்டுவா

அவர்:
வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு
ஏறின ஆள் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பங்கு, கோயிலுக்குக் கொடுப்பது தனி
கணக்கில் இல்லாத பங்காளி ஒருத்தன் இருக்கான், காற்று
முன்னாலே எடுத்துக்கொள்வான், எவ்வளவு என்று சொல்லமாட்டான்
காலையில் பிடித்த சாளை மேலே கடல்தண்ணி தெளித்துத் தெளித்து, நனைந்த சாக்கைப் போட்டு மூடி, அது மேலே பாயையும் இழுத்துவிட்டு, இவ்வளவும் செய்து பார்த்தாச்சு
அடியில் கிடக்கிறது வயிறு வெடிக்கத் தொடங்கியாச்சு
காற்றே, உன் பங்கை எடுத்துக்கொண்டாய், சரி, இதற்கு மேல் தொடாதே, மிச்சம் என் பிள்ளைகளுடையது.

(பேச்சு)
தம்பி: அண்ணே, கலயத்தில் தண்ணி ஒரு வாய்தான் இருக்கு.
அவர்: நீ குடி.
தம்பி: நீங்க?
அவர்: கரையில் போய்க் குடிக்கிறேன். உன் மதினி குடத்தோடு நிற்பாள்.

அவள்:
குடத்தோடுதான் நிற்கிறேன், இதோ நிற்கிறேன்
மேகம் கிழிந்து வெயில் இறங்கி மேடு வெளுத்து எரியுது
மூத்தவள் காலை மாற்றி மாற்றிக் குதிக்கிறாள், சுடுதும்மா சுடுதும்மா என்று கத்துகிறாள், எனக்குச் சிரிப்பு வருது
பனையோலை சடசடங்குது, என் முந்தானை மேற்கே பறக்குது
வந்தாச்சு, காற்று வந்தாச்சு, ஏ புள்ளைகளா, கடல்காற்று வந்தாச்சு!

உங்களுக்கு வந்ததா? அங்கே வந்ததா?
கரையோரம்தான் முதலில் எழும்பும், அப்புறம்தான் ஆழத்துக்குப் போகும், எனக்குத் தெரியும்
என் முகத்தில் பட்ட காற்று உங்கள் பாயில் படுவதற்கு இன்னும் நேரம் கிடக்கு
அந்த நேரத்தைத்தான் தாங்க முடியலை, மாதாவே, மற்றதெல்லாம் தாங்குவேன்.

கூட்டம்:
இங்கே வந்த கடல்காற்றே, அங்கே எட்டிப் பிடித்துக்கொள்
தொங்குகிற பாயைத் தூக்கிவிடு, தூங்குகிற வள்ளத்தை எழுப்பிவிடு

அவர்:
தண்ணி முகம் கறுக்குது, சுருக்கம் சுருக்கமாய் வருது பார்
எழும்புடா தம்பி, பாய் கட்டின பருமலை ஏற்று, கயிற்றை இறுக்கு
பட்டென்று ஒரு அடி, பாய் நெஞ்சைத் தள்ளிக்கொண்டு நிற்குது
சுக்கானை நான் பிடிக்கிறேன், நேரே கோயிலுக்கு விடு, விரல்கடை இரண்டு விரலாச்சு, இரண்டு விரல் ஒரு சாணாச்சு, அதோ கலங்கரை விளக்கு, அதோ கூட்டம், அதில் எந்தப் புள்ளி என் வீட்டுப் புள்ளி?

(பேச்சு)
வியாபாரி: சாளை இளகிப்போச்சே. பாதி விலைதான் கட்டும்.
அவள்: மேலே கிடப்பதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்லும் ஐயா. மேல்பாதி முழு விலை. அடிப்பாதியை உமக்குத் தரவே மாட்டேன், உப்பு வாங்கி வைத்திருக்கேன், கருவாடாக்கி நானே உடன்குடிச் சந்தைக்குச் சுமக்கிறேன்.
அவர்: முதலில் தண்ணி குடு புள்ள.
அவள்: குடிங்க. குடித்துக்கொண்டே கேளுங்க, விலையில் நீங்க வாய் திறக்கக் கூடாது.

கூட்டம் (வள்ளம் இழுக்கும் தாளம், வேகமாக):
பிடி பிடி, ஏலேலோ
அணியம் தூக்கு, ஏலேலோ
பிந்தலை தள்ளு, ஏலேலோ
உருளை போடு, ஏலேலோ
உப்பைக் கொண்டா, ஏலேலோ
கூடை கொண்டா, ஏலேலோ
தம்பி கைக்கு எண்ணெய் கொண்டா, ஏலேலோ
பிள்ளை காலுக்கும் எண்ணெய் கொண்டா, ஏலேலோ
இன்னும் ஒரு தள்ளு, ஏலேலோ
மேட்டில் ஏற்று, ஏலேலோ!