சப்ளை செயின் மேலாளர், பினாங்கு: என் தொழில் விவரம்

பிறையில் கிடங்கு வைத்திருக்கும் ஓர் உணவுப்பொருள் இறக்குமதி நிறுவனத்தில் 2019 முதல் சப்ளை செயின் மேலாளராக இருக்கிறேன். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் பாயான் லெப்பாஸில் மின்னணுப் பொருள் ஒப்பந்த உற்பத்தி ஆலை ஒன்றில் வேலை. தொழிலைத் தொடங்கியது பட்டர்வொர்த்தில், ஒரு பார்வர்டிங் ஏஜெண்டின் அலுவலகத்தில். கொள்முதல், சரக்குப் போக்குவரத்து, சுங்கம், கிடங்கு, இஆர்பி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பை, பினாங்கிலோ கோலாலம்பூரிலோ, இன்னும் பெரிய அளவில் ஏற்கத் தயாராக இருக்கிறேன்.

கீழே வரும் தொகைகளைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மிச்சப்படுத்தியது என்று நான் எழுதியிருப்பவை எல்லாம் கணக்குப் பிரிவு சரிபார்த்து, லாப நட்டக் கணக்கில் தெரிந்த பணம் மட்டுமே. சப்ளையர் பத்து விழுக்காடு ஏற்றக் கேட்டு, பேசி நாலுக்குக் கொண்டுவந்தால் அந்த ஆறு விழுக்காட்டைச் சேமிப்பு என்று நான் எழுதுவதில்லை. அது தவிர்த்த செலவு. அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் முதலாளியின் வங்கிக் கணக்கில் அது ஒரு வெள்ளிகூடச் சேர்க்கவில்லை. இரண்டையும் கலந்து எழுதினால் எண் பெரிதாகத் தெரியும், நம்பிக்கை போய்விடும்.

இப்போதைய பணி: சப்ளை செயின் மேலாளர், உணவுப்பொருள் இறக்குமதி, பிறை (2019 முதல்)

ஆண்டுக்குச் சுமார் 560 இருபதடி கொள்கலன்களும் 40 நாற்பதடி கொள்கலன்களும் என் கையால் வருகின்றன. எடையில் ஏறக்குறைய 13,400 டன், கொள்முதல் மதிப்பில் 6 கோடியே 20 லட்சம் ரிங்கிட். பருப்பு வகைகளும் வெங்காயமும்தான் பெரும்பகுதி; மிளகாய், மஞ்சள், மல்லி, மிளகு, கிராம்பு மீதி. அரிசியை நாங்கள் நேரடியாக இறக்குவதில்லை, அந்த உரிமை பெர்னாஸிடம் இருக்கிறது. கிடங்கில் 4,200 பேலட் இடம், 1,150 வகைப் பொருட்கள், பெர்லிஸிலிருந்து பேராக் வரை மளிகைக் கடைகள், உணவகங்கள், பேரங்காடிகள். என் கீழ் 23 பேர்.

நான் பொறுப்பேற்றபோது 118 சப்ளையர்கள் இருந்தார்கள். இப்போது 11 நாடுகளில் 74 பேர். எண்ணிக்கையைக் குறைத்ததைவிட, யாரை வைத்துக்கொண்டோம் என்பதுதான் முக்கியம். குண்டூர் மிளகாய்க்கு மூன்று பேர், ஈரோடு மஞ்சளுக்கு இரண்டு பேர், யாங்கோன் உளுந்துக்கு மூன்று பேர், வியட்நாம் மிளகுக்கு இரண்டு பேர் என்று முக்கியமான ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது இருவர் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். 2021 பிப்ரவரியில் மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அங்கே வங்கிகள் முடங்கியபோது உளுந்துக்கு ஒரே ஆளை நம்பியிருந்தால் பினாங்கு இட்லிக் கடைகளுக்கு என்ன பதில் சொல்லியிருப்போம் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். சரக்கு ஏற்கெனவே கப்பலில் இருந்த சப்ளையரிடமும், சென்னையில் இருப்பு வைத்திருந்தவரிடமும் வாங்கி அந்தக் காலாண்டை ஓட்டினோம்.

வெங்காயம்தான் இந்த வேலையில் மிகக் கடினமான பொருள். 2023 ஆகஸ்டு 19 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி போட்டது. அக்டோபர் இறுதியில் டன்னுக்கு 800 டாலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை வந்தது. டிசம்பர் 8 அன்று முழுத் தடை. நான் தடைக்காகக் காத்திருக்கவில்லை. வரி வந்த வாரமே கராச்சியிலும் சீனாவிலும் நெதர்லாந்திலும் சப்ளையர்களைத் தேடி, மாதிரிச் சரக்கு வரவழைத்து, மாக்கிஸ் இறக்குமதி பெர்மிட்டுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழுக்கும் உரிய ஆவணங்களை முடித்து வைத்தேன். நாசிக் சிவப்பு வெங்காயத்துக்குப் பழகிய உணவகங்களுக்கு நெதர்லாந்து வெங்காயம் பிடிக்காது, நறுக்கினால் காரம் போதாது. ஆகவே அதைப் பேரங்காடிகளுக்கு ஒதுக்கி, பாகிஸ்தான் சரக்கை வாழையிலை உணவகங்களுக்கும் மாமாக் கடைகளுக்கும் கொடுத்தோம். செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரத் தொடங்கியதும் நெதர்லாந்துச் சரக்கு இரண்டு வாரம் தாமதமானது. அந்த இடைவெளியைக் கராச்சிக் கொள்கலன்கள் நிரப்பின. 2024 மே மாதத் தொடக்கத்தில் இந்தியா தடையை நீக்கும்வரை எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்குக்கூட வெங்காயம் நிற்கவில்லை. இதில் எவ்வளவு சேமித்தோம் என்ற எண் கிடையாது. அந்தக் காலாண்டில் மற்ற விநியோகஸ்தரிடமிருந்து எங்களிடம் வந்த 38 கடைகள் இன்றும் எங்களிடம்தான் வாங்குகின்றன.

எண்ணாகச் சொல்லக்கூடிய சேமிப்புகள் வேறு இடத்தில் இருக்கின்றன. கொள்கலன் தாமதக் கட்டணம் 2019இல் ஆண்டுக்கு 4,10,000 ரிங்கிட்டாக இருந்தது, 2023இல் 95,000. இதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. கப்பல் பட்டர்வொர்த் முனையத்துக்கு வந்த பிறகு ஆவணம் தேடுவதை நிறுத்தினோம். சப்ளையர் பில் ஆஃப் லேடிங் வரைவை அனுப்பிய அன்றே எடை, பொருள் விவரம், எச்எஸ் குறியீடு, ஆசியான்-இந்தியா வர்த்தக ஒப்பந்தத்தின் ஏஐ படிவம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடுவோம். கே1 பாரமும் சுகாதார அமைச்சின் ஃபோசிம் பதிவும் கப்பல் வருவதற்கு முன்பே தயார். ஒரு எழுத்துப் பிழைக்காகச் சரக்கு ஒரு வாரம் துறைமுகத்தில் கிடப்பது எங்களிடம் இப்போது அபூர்வம்.

காலாவதியாகி எழுதித் தள்ளிய சரக்கு ஆண்டுக்கு 5,40,000 ரிங்கிட்டிலிருந்து 1,80,000க்கு இறங்கியது. பருப்பு, மிளகாய் கொள்முதலை ஆண்டு ஒப்பந்தங்களுக்கு மாற்றியதில் 2023இல் மட்டும் 11 லட்சம் ரிங்கிட் மிச்சம். ஆர்டர் நிறைவேற்ற விகிதம் 91 விழுக்காட்டிலிருந்து 97.4.

இஆர்பி

எஸ்ஏபி ஈசிசி 6.0இல் எம்எம் பகுதியை எட்டு ஆண்டுகள் தினமும் பயன்படுத்தியிருக்கிறேன்: ME21N, MIGO, MIRO, MB52, எல்லாவற்றுக்கும் மேலாக MD04. எம்ஆர்பி ஓடி முடிந்த காலையில் MD04 திரையில் வரும் எச்சரிக்கைச் செய்திகளைப் படிக்கத் தெரிந்தவர்தான் நல்ல திட்டமிடுநர் என்பது என் கருத்து. சிஸ்டம் சொல்லும் அளவை அப்படியே ஆர்டர் போடுவது திட்டமிடல் ஆகாது.

இப்போதைய நிறுவனத்தில் பழைய கணக்கு மென்பொருளிலிருந்து மைக்ரோசாப்ட் டைனமிக்ஸ் 365 பிசினஸ் சென்ட்ரலுக்கு மாறியபோது, 2022இல், வணிகத் தரப்பில் திட்டத்தை நடத்தியது நான். இரண்டு விஷயங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, லாட் எண்ணும் காலாவதித் தேதியும். 50 கிலோ மூட்டையாக வரும் பருப்பு, 25 கிலோவாகவும் ஒரு கிலோ பாக்கெட்டாகவும் பிரிகிறது. மூன்றுக்கும் ஒரே லாட் எண் தொடர வேண்டும். அளவை அலகுகளைச் சரியாக அமைத்து, முதலில் காலாவதியாகும் சரக்கு முதலில் எடுக்கப்படும்படி கிடங்கு விதியைப் போட்டோம். மேலே சொன்ன காலாவதி இழப்பு குறைந்தது இதனால்தான்.

மற்றொன்று, சரக்கு நம் கிடங்கு வாசலில் வந்து இறங்கும்போது கிலோவுக்கு உண்மையில் என்ன விலை என்பது. கடல் கட்டணம், காப்பீடு, லோரிக் கட்டணம், துறைமுகக் கட்டணம், தாமதக் கட்டணம் எல்லாவற்றையும் அந்தந்தச் சரக்கின் மேலேயே ஏற்றிவிடும்படி செய்தேன். அதுவரை எஃப்ஓபி விலையைப் பார்த்துத்தான் எல்லோரும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கணக்கு திரையில் வந்ததும், டன்னுக்கு 30 டாலர் குறைவாகக் கொடுத்த ஒரு பருப்புச் சப்ளையர் உண்மையில் எங்களுக்கு அதிகச் செலவு வைத்தார் என்று தெரிந்தது. அவர் சரக்கு கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி வேறு கப்பலில் பினாங்குக்கு வரும். ஆவணங்கள் எப்போதும் தாமதம். மூட்டைகள் கிழிந்து எடை குறையும். அவரிடம் இதே எண்களைக் காட்டிப் பேசினேன். நேரடிக் கப்பலுக்கு மாறினார், இன்றும் எங்களோடு இருக்கிறார். எண்ணை வைத்துப் பேசினால் சப்ளையரோடு சண்டை போட வேண்டியதில்லை.

மின்விலைப்பட்டியலுக்கான மைஇன்வாய்ஸ் இணைப்பையும் நாங்களே செய்தோம். எங்கள் விற்றுமுதல் அளவுக்கு 2025 ஜனவரி 1 கெடு. அதற்கு முந்திய தீபாவளி நெருக்கடி தொடங்குமுன் சோதனை ஓட்டம் முடிந்துவிட்டது.

முந்திய பணிகள்

பாயான் லெப்பாஸ், 2011 முதல் 2019 வரை: மெட்டீரியல் பிளானராகச் சேர்ந்து, பையராகி, சீனியர் பையராக முடித்தேன். 6,800 பாகங்கள், 140 சப்ளையர்கள், என் குழுவின் ஆண்டுக் கொள்முதல் 21 கோடி ரிங்கிட். 2018இல் செராமிக் கெப்பாசிட்டர் தட்டுப்பாடு உலகம் முழுவதையும் ஆட்டியபோது மாற்றுப் பாகங்களுக்கு எஞ்சினியரிங் ஒப்புதல் வாங்கி, ஒதுக்கீட்டுக்காகத் தைவான், ஜப்பான் சப்ளையர்களோடு வாராவாரம் பேசி, உற்பத்தி வரிசை நிற்காமல் பார்த்துக்கொண்டோம். பயன்படாத இருப்பை 92 லட்சத்திலிருந்து 56 லட்சம் ரிங்கிட்டாகக் குறைத்தேன். 19 சப்ளையர்களைக் கன்சைன்மெண்ட் முறைக்கு மாற்றினேன்.

பட்டர்வொர்த், 2009 முதல் 2011 வரை: சுங்க ஆவணங்கள். கே1, கே2, கே8, சுதந்திர வட்டாரப் பாரங்கள். சுங்கத்தை நான் ஏஜெண்டிடம் விட்டுவிடாமல் நானே படித்துப் பார்ப்பதற்கு இந்த அனுபவம்தான் காரணம்.

கல்வி, மொழி, மற்றவை

யூனிவர்சிட்டி உத்தாரா மலேசியாவில் இளங்கலைப் பட்டம், லாஜிஸ்டிக்ஸ். 2015இல் சிபிஐஎம் சான்றிதழ். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதவும் பேரம் பேசவும் வரும். ஹொக்கியன் கிடங்கிலும் லோரிக்காரர்களிடமும் சமாளிக்கும் அளவுக்கு. தூத்துக்குடி, ஈரோடு சப்ளையர்களோடு தமிழிலேயே பேசுவேன். விலைப் பேச்சில் அது பல நாள் வேலையை ஒரே போன் அழைப்பில் முடித்திருக்கிறது.

இரண்டு மாத நோட்டீஸ். கோலாலம்பூருக்குக் குடிமாறத் தயார், இந்தியாவுக்கும் மியன்மாருக்கும் பயணம் செய்யத் தயார். நிறுவனங்களின் பெயரும், கணக்குப் பிரிவு ஒப்பமிட்ட சேமிப்புத் தாள்களும், மேலதிகாரிகள் இருவரின் பரிந்துரையும் நேர்காணலின்போது தருகிறேன்.