தம்பிக்குப் படக்குறிப்பு: தட்டு எல்லைகளும் பாறைச் சுழற்சியும்

தம்பி, முப்பத்தெட்டுப் பக்க அத்தியாயம் ஒன்பது படத்துக்குள் அடங்கிவிட்டது. திங்கட்கிழமை நான் கோத்தகிரியிலிருந்து விடுதிக்குக் கிளம்பிவிடுவேன், அதனால் இதை எழுதியே வைக்கிறேன். என் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்காதே. ஒவ்வொன்றையும் கோடு போடாத நோட்டில் நீயே வரை. பெயர்களைப் படத்துக்குள் எழுது, படத்துக்குக் கீழே இரண்டு மூன்று வரிக் குறிப்பு. அதற்கு மேல் எழுதினால் மறுபடி அத்தியாயமாகிவிடும்.

நிறங்கள்: கடல் மேலோடு நீலம், கண்ட மேலோடு பழுப்பு, உருகிய குழம்பு மட்டும் சிவப்பு. சிவப்பை எங்கே தொடுகிறோம் என்பதுதான் இந்தப் பாடத்தில் பாதி மதிப்பெண்.

படம் 1: தட்டு என்பது எது

வரைய: ஒரு செங்குத்து வெட்டு. மேலே மெல்லிய கோடு, அதன் கீழே தடித்த பட்டை, அதற்கும் கீழே அலை அலையாகக் கோடுகள்.
பெயர்கள்: மேலோடு (கடலடியில் சுமார் 7 கி.மீ., கண்டத்தில் சுமார் 35 கி.மீ.) / விறைப்பான மேல் கவசம் / மென்பாறைக்கோளம்.
குறிப்பு: மேலோடும் விறைப்பான மேல் கவசமும் சேர்ந்ததே பாறைக்கோளம், சுமார் 100 கி.மீ. தடிப்பு. அது உடைந்த துண்டுகளே தட்டுகள். மென்பாறைக்கோளம் திடப்பொருள்தான், ஆனால் மிக மெதுவாக நெகிழ்ந்து நகரும்.

இங்கே சிவப்புப் பென்சிலைத் தொடாதே. "தட்டுகள் குழம்புக் கடலில் மிதக்கின்றன" என்று நான் பதினொன்றாம் வகுப்பில் எழுதி ஒரு மதிப்பெண்ணை விட்டேன்.

படம் 2: விலகும் எல்லை

← நீலத் தட்டு ‖ கடலடி முகடு ‖ நீலத் தட்டு →

பெயர்கள்: முகட்டின் நடுப்பள்ளம் / மேலேறும் கவசம் / புதிய பசால்ட் / விலகிப் போகப் போக வயது கூடும் கடலடி.
குறிப்பு: கவசம் மேலேறும்போது அதன் மேலுள்ள அழுத்தம் குறைகிறது. சூடு கூடாமலே உருகத் தொடங்குவதற்கு அது போதும். எடுத்துக்காட்டு: அட்லாண்டிக் நடுமுகடு, அது தலைநீட்டிய ஐஸ்லாந்து, நம் அரபிக்கடல் பக்கத்துக் கார்ல்ஸ்பெர்க் முகடு.

முகட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரிகள் போடு, கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல. பசால்ட் ஆறும்போது அன்றைய பூமியின் காந்தத் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் திசை அவ்வப்போது தலைகீழாகும், அதனால்தான் வரிகள். அந்த வரிகளுக்கு வைனும் மேத்யூஸும் 1963-ல் சொன்ன விளக்கம் கடலடி விரிவதற்குச் சாட்சியானது. வெகெனர் 1912-ல் கண்டங்கள் நகர்கின்றன என்றபோது, எதன் வலுவில் நகர்கின்றன என்பதை யாரும் ஏற்கும்படி அவரால் காட்ட முடியவில்லை.

படம் 3: அமிழும் எல்லை (முழுப் பக்கம் எடுத்துக்கொள்)

வரைய: இடமிருந்து நீலத் தட்டு வந்து, பழுப்புத் தட்டின் அடியில் சாய்வாக இறங்க வேண்டும். இறங்கும் இடத்தில் ஒரு பள்ளம். வலப்பக்கம், அந்தத் தட்டு சுமார் 100 கி.மீ. ஆழம் போன இடத்துக்கு நேர்மேலே, எரிமலை வரிசை.
பெயர்கள்: அகழி / அமிழும் தட்டு / தட்டிலிருந்து வெளியேறும் நீர் (சின்னச் சின்ன நீலச் சொட்டுகள்) / உருகும் கவசம் (சிவப்பு) / எரிமலைத் தொடர் / சரிவு நெடுக நிலநடுக்கப் புள்ளிகள்.
குறிப்பு: கடலடிப் பாறையின் கனிமங்களுக்குள் நீர் சிக்கியிருக்கிறது. ஆழத்தில் அழுத்தமும் சூடும் அதை வெளியே தள்ளுகின்றன. அந்த நீர் மேலே இருக்கும் கவசத்தின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. பெரும்பாலும் உருகுவது அமிழும் தட்டு இல்லை, அதன் மேலிருக்கும் கவசம்.

கடைசி வாக்கியத்துக்கு அடிக்கோடு போடு. "கீழே போன தட்டு உருகி எரிமலையாகிறது" என்று எல்லோரும் எழுதுவார்கள். சொட்டுகளை வரைந்துவிட்டால் கை தானாகச் சரியாக எழுதும்.

எடுத்துக்காட்டு இரண்டு. கடலும் கண்டமும்: நாஸ்கா தட்டு தென் அமெரிக்காவின் அடியில் போகிறது, மேலே ஆண்டிஸ். கடலும் கடலும்: மரியானா, கிட்டத்தட்ட 11 கி.மீ. ஆழ அகழி. நமக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் அந்தமான்–சுமத்ரா. இந்தியத் தட்டு அங்கே கிழக்கு நோக்கி அமிழ்கிறது. பேரன் தீவு எரிமலை அதன் பிள்ளை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் அதே சரிவில் பிறந்ததுதான். அம்மா நாகப்பட்டினம் செய்தியைப் பார்த்து அழுத கதையைச் சொல்வாளே, அந்த நாள்.

படம் 4: கண்டமும் கண்டமும்

பழுப்பு → ▲ ← பழுப்பு

பெயர்கள்: மடிந்த படிவுகள் / இரட்டிப்பாகத் தடித்த மேலோடு / திபெத் பீடபூமி.
குறிப்பு: இரண்டுமே எடை குறைந்த பாறை, எதுவும் எளிதில் அமிழாது. அதனால் நசுங்கி, மடிந்து, உயர்கிறது. மோதல் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் முடியவில்லை.

"இமயமலையில் ஏன் எரிமலை வரிசை இல்லை?" என்று கேட்டால் படம் 3-ஐயும் 4-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார். நீர் கொண்டுபோகும் நீலத் தட்டு இங்கே இல்லை. பதில் அவ்வளவுதான்.

படம் 5: உரசிப்போகும் எல்லை

மேலிருந்து பார்ப்பது போல: ↑ | ↓
குறிப்பு: புது மேலோடு பிறப்பதில்லை, பழையது அழிவதும் இல்லை, நிலநடுக்கம் மட்டும் உண்டு. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ், 1906 சான்பிரான்சிஸ்கோ. கோட்டின் குறுக்கே ஒரு வேலி வரைந்து அதை ஒடித்துக் காட்டு, தீர்ந்தது.

படம் 6: நம் மலை எந்த எல்லையில்?

வரைய: இந்தியா வரைபடம் சும்மா கோட்டுருவமாக. வடக்கே பல் பல்லாக இமயம், கிழக்கே அந்தமானுக்குச் சற்று முன்னால், அதன் மேற்குப் பக்கம் அகழிக் கோடு, தென்மேற்கே தூரத்தில் கார்ல்ஸ்பெர்க் முகடு. கோத்தகிரிக்கு ஒரு புள்ளி.
குறிப்பு: புள்ளி எந்தக் கோட்டையும் தொடவில்லை. நீலகிரி தட்டின் உட்பகுதியில் நிற்கிறது. "மலை இருந்தால் தட்டு எல்லை" என்பது தவறு.

அப்புறம் தொட்டபெட்டா எப்படி 2,637 மீட்டர் நிற்கிறது? வடக்கே மாயாறும் தெற்கே பவானியும் ஓடும் பள்ளங்கள் மிகப் பழைய நறுக்கு மண்டலங்கள். மேலோடு அங்கே ஒரு காலத்தில் பக்கவாட்டில் நறுங்கி நசுங்கியது. அவற்றுக்கு இடையில் அகப்பட்ட கடினமான பாளம் நம்முடையது. கோடநாடு காட்சிமுனையில் நின்று மாயாற்றுப் பள்ளத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அந்தச் செங்குத்தான விளிம்பை வரைபடத்தில் கோடாகப் போட்டுக்கொள்.

படம் 7: பாறைச் சுழற்சி

புத்தகத்தில் அழகான வட்டம் இருக்கிறது. அதை அப்படியே வரையாதே, பாறை வரிசையில் நிற்பதாகத் தோன்றும். மூன்று பெட்டி போடு: தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை. கீழே சிவப்பில் குழம்பு, மேலே புள்ளிகளாக வண்டல். இப்போது அம்புகள்:

குழம்பு → (ஆறுதல்) → தீப்பாறை
மூன்று பெட்டியிலிருந்தும் → (சிதைவு, அரிப்பு) → வண்டல்
வண்டல் → (அமுக்கம், பிணைப்பு) → படிவுப்பாறை
மூன்று பெட்டியிலிருந்தும் → (சூடு, அழுத்தம்) → உருமாறிய பாறை
உருமாறிய பாறை → (உருகுதல்) → குழம்பு

குறிப்பு: எந்தப் பாறையும் எந்தப் பாறையாகவும் மாறலாம். உருமாற்றம் நடக்கும்போது பாறை திடமாகவே இருக்கிறது. உருகிவிட்டால் அம்பு சிவப்புக்குப் போய்விடும்.

அம்புகளின் ஓரத்தில் எல்லைப் படத்தின் எண்ணை எழுது. ஆறுதலுக்குப் பக்கத்தில் 2-உம் 3-உம். சூடு, அழுத்தத்துக்குப் பக்கத்தில் 3-உம் 4-உம். புத்தகம் இரண்டு பாடமாகப் பிரித்துப் போட்டதை ஒட்டவைப்பது இந்த எண்கள்தான். தட்டு நகராவிட்டால் மழை எல்லா மலையையும் கரைத்துக் கடலில் கொட்டிவிட்டு, வேலையின்றி நின்றுவிடும்.

ஜோடிகளை ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொள்: சுண்ணாம்புக்கல் → சலவைக்கல், மணற்கல் → குவார்ட்சைட், ஷேல் → சிலேட். ஆழத்தில் மெதுவாக ஆறினால் பெரிய பளிங்குகள், கிரானைட். மேலே சட்டென்று ஆறினால் பொடிப் பளிங்குகள், பசால்ட்.

படம் 8: வீட்டுப் படிக்கல்

வரைய: நம் வாசற்படிக் கருங்கல்லின் உடைந்த முகம், உள்ளங்கை அளவில்.
பெயர்கள்: நீலம் கலந்த எண்ணெய்ப் பளபளப்புக் குவார்ட்ஸ் / ஃபெல்ஸ்பார் / கருமையான பைராக்சீன் / அங்கங்கே சிவப்புக் கார்னெட்.
குறிப்பு: சார்னோக்கைட். 700 டிகிரிக்கு மேலான சூட்டில், மேலோட்டின் ஆழமான அடிப்பகுதியில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருவானது. நீலகிரியில் இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பழனி மலையும் பெரும்பாலும் இதே கல்தான்.

கடைக்காரர் கிரானைட் என்றுதான் சொல்வார், சண்டை போடாதே. பெயர் வந்த கதை: கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை. பல்லாவரம் பக்கத்திலும் கிடைக்கும் இதற்கு தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அந்தப் பெயரை வைத்தார். நம்மூர்க் கல்லுக்குக் கல்கத்தா வியாபாரியின் பெயர், என்ன செய்வது.

இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்துக் கல் நம் வாசலில் கிடக்கிறது என்றால், மேலிருந்த அத்தனையும் அரித்துப் போய்விட்டது என்று அர்த்தம். படத்தின் மேலே வெற்றிடம் விட்டு, "இல்லாமல் போன பாறை" என்று எழுது. ஆசிரியர் கேட்டால் பெருமையாகச் சொல்லலாம்.

படம் 9: ஒரு கல்மணியின் பயணம்

வரைய: இடது மேல்மூலையில் தேயிலைத் தோட்டத்து உருண்டைப் பாறை, அதைச் சுற்றி வெங்காயத் தோல் போல நான்கைந்து வளையம். அங்கிருந்து வலது கீழ்மூலை வரை ஆற்றுக்கோடு.
பெயர்கள்: சிதையாத உள்கல் / உதிரும் தோல் / செம்மண் / குன்னூர் ஆறு / பவானி / காவிரி / வங்கக் கடலடி.
குறிப்பு: விரிசல் வழியே இறங்கும் நீர் கல்லின் மூலையை மூன்று பக்கத்திலிருந்தும், விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்தும், முகத்தை ஒரு பக்கத்திலிருந்தும் தாக்குகிறது. அதனால் கட்டம் கட்டமாக இருந்த கல் உருண்டையாகிறது. சிலிக்கா கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் தங்கி மண் சிவக்கிறது.

மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் சாலைக்காக வெட்டிய சரிவுகளில் உருண்டையும் செம்மண்ணும் ஒன்றாகத் தெரியும். பெருமழையில் அந்த மண் நீர் குடித்து கனத்துச் சரிவதையும் நாம் 2009 நவம்பரில் பார்த்திருக்கிறோம். அதையும் சிதைவு, அரிப்பு என்ற அம்பின் பக்கத்தில் ஒரு சொல்லாகப் போடு: நிலச்சரிவு.

ஆற்றுக்கோட்டைப் பூம்புகார் பக்கம் கடலுக்குள் கொஞ்சம் நீட்டி, அங்கே வண்டல் புள்ளிகளை வைத்து நிறுத்திவிடு. அங்கிருந்து அகழிக்கு அம்பு போடாதே. நம் கிழக்குக் கரை தட்டு எல்லை இல்லை, அகழி தூரத்தில், அந்தமானின் மேற்குப் பக்கத்தை ஒட்டி இருக்கிறது. நம் வாசற்கல்லின் மணி இப்போதைக்குக் கடலடியில் படுத்து, படிவுப்பாறை ஆவதற்குக் காத்துக்கொண்டிருக்கிறது.

நீலப் பென்சில் என் மேசை டிராயரில் இருக்கிறது. சிவப்பை நான் எடுத்துப் போகிறேன், உனக்கு ஒன்று கடையில் வாங்கிக்கொள்.