‘நிலை’ சிறுகதைக்கு ஒரு மாற்று முடிவு

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் ஒரு ஏழு புள்ளி வீடு, அதாவது ஏழு குடும்பங்களுக்குப் பங்குள்ள வீடு. அதன் முகப்பு நிலையைக் காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரிக்கு விற்கப் பங்காளிகள் பேசி முடிக்கிறார்கள். மூலக்கதையில், லாரி வரும் விடியலில் வள்ளியம்மை ஆச்சி நிலையில் சாய்ந்தபடியே இறந்து கிடக்கிறார். ‘வெளியே லாரிச் சத்தம் கேட்டது’ என்ற வரி வரை தொடவில்லை. அதற்குப் பின் வருவது மட்டும் மாறுகிறது.

வெளியே லாரிச் சத்தம் கேட்டது. ஆச்சி எழுந்து வந்து தாழ்ப்பாளை நீக்கினார்.

ஆசாரியோடு நாலு ஆட்கள் இறங்கினார்கள். ஒருவன் நேரே போய் நிலைக்கும் காரைக்கும் நடுவில் உளியை வைத்தான்.

“முட்டு எங்கே?” என்றார் ஆச்சி.

“எதுக்கு ஆச்சி? அரை மணி நேர வேலை.”

“மேல்படிக்கு மேலே அஞ்சடிச் செங்கச்சுவர் உக்காந்திருக்கு. படியோட கொம்பு ரெண்டு பக்கமும் சுவத்துக்குள்ளே போகுது. முட்டுக் கொடுக்காம உருவினா சுவர் இறங்கும். மரமும் விண்டுபோகும்.”

ஆசாரி ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஆட்களைச் சவுக்குக் கம்புக்கு அனுப்பினார். மேல்படிக்கு ஒரு முழம் மேலே சுவரில் இரண்டு துளை போட்டார்கள். கனத்த கட்டையைக் குறுக்கே செருகி, உள்ளேயும் வெளியேயும் கால் கொடுத்து, அடியில் ஆப்பு வைத்து இறுக்கினார்கள். மணி பதினொன்றாகிவிட்டது.

“அப்பத்தா, லாரிக்காரர் கூடுதலா வாடகை கேக்குறார்” என்றான் பழனியப்பன்.

“கேக்கட்டும். நாலு லட்சத்து நாப்பதாயிரத்துல இருபதாயிரத்தைத் தனியா எடுத்து வை. மழைக்கு முன்னாடி இந்த வாயை அடைச்சுச் சுவர் எழுப்பி, சின்னதா ஒரு கதவு போடணும். மிச்சத்தை ஏழாப் போடு. புள்ளிக்கு அறுபது.”

“உங்க புள்ளிக்குமா?”

“நானும் கையெழுத்துப் போட்டவதானே.”

கதவுகளை முதலில் கழற்றினார்கள். நெம்பித் தூக்கியதும் கீழ்க் குடுமி குழியை விட்டு வந்தது. குழிக்குள் எண்ணெயும் தூசும் சேர்ந்து கறுத்துக் கிடந்தது.

“கொஞ்சம் நில்லுங்க” என்று ஆச்சி ஈரத்துணியோடு வந்தார். நிலையில் இருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் கீழிருந்து மேலாகத் துடைத்தார். லட்சுமிக்கு இரு பக்கமும் இருந்த யானைகளின் காது மடிப்பில் மட்டும் சிவப்பு போகவில்லை. நகத்தால் சுரண்டினார். அப்படியும் போகவில்லை. “எடுங்க” என்றார்.

லாரி போன பிறகு முகப்பில் செங்கல் தூள் கிடந்தது. ஆச்சி விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினார். உள்ளே திரும்பும்போது, இல்லாத வாசற்படியைத் தாண்ட வலது காலைத் தூக்கி வைத்தார்.

மாற்றம் பற்றிய குறிப்பு

ஆச்சி இறந்தால் வாசகர் அழுவார். ஆனால் பங்காளிகள் தப்பித்துவிடுவார்கள். வீடும் கிழவியும் சேர்ந்தே முடிந்தது என்று ஆகும்போது, விற்றது யார் என்ற கேள்வியைச் சாவு மூடிவிடுகிறது. கதையின் நடுவில் வரும் பங்குப் பேச்சுதான் இந்தக் கதையிலேயே பலமான பகுதி. அதை முடிவு கைவிடக் கூடாது. அதனால் ஆச்சியையும் ஏழில் ஒருவராக்கினோம். அவர் துக்கப்படுகிறார், பணத்தையும் பிரிக்கிறார். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் செட்டிநாட்டு வீடுகளின் இன்றைய நிலைமைக்கு நெருக்கம் என்று நினைக்கிறோம். ‘நிலை’ என்ற தலைப்பின் இரண்டு பொருளும் அப்போதுதான் சேர்ந்து ஒலிக்கின்றன.

முட்டு வெறும் தொழில் விவரம் அல்ல. எடுக்கப்போவது எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது ஆச்சிக்கு மட்டுமே தெரிகிறது. அதை வசனமாக விளக்கினால் கெட்டுவிடும்; ஆப்பு இறுகும் சத்தத்தோடு விட்டுவிட வேண்டும்.

விற்பனை நின்றுபோகிற முடிவையும் எழுதிப் பார்த்தோம். பேரன் மனம் மாறுகிறான், லாரி திரும்புகிறது. அது பொய்யாக இருந்தது. ஏழு குடும்பம் ஏழு ஊரில் இருக்கும்போது, ஒருவன் மனம் மாறுவதால் ஓடு மாற்றும் செலவு குறைந்துவிடாது. தவிர, முதல் பகுதியிலேயே இந்தத் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது என்று இருக்கிறது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது, ஆச்சியின் மாமனார் அங்கே கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தவர். கைவிட்டு வருவது இந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. மூலத்தில் தனியாக நின்ற அந்தத் தகவலுக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது.

இந்த முடிவு ஒட்ட வேண்டுமானால், இதுவரை தொடாமல் விட்ட முன்பகுதியிலும் மூன்று இடங்களைத் திருத்த வேண்டும். ஆச்சியின் இருமலை எடுத்துவிட வேண்டும். அது சாவுக்காக வைத்த முன்னறிவிப்பு. பங்குப் பேச்சில் அவர் மூக்குக்கண்ணாடி தேடிக் கையெழுத்துப் போடுவதாக ஒரு வரி வேண்டும். வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று சிறுவனான பழனியப்பனை அவர் அதட்டும் காட்சி இப்போது நாலாம் பக்கத்தில் இருக்கிறது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முடிவுக்கு மிக அருகில் இருந்தால் கடைசி வரி முன்கூட்டியே தெரிந்துவிடும்.