ஆண்டுக்கு 16 மணி நேரம்: நம் பணியாளர்களுக்கான தன்னார்வப் பணிகள்

சமூகப் பொறுப்புக் குழுவின் சுற்றறிக்கை
கங்கைகொண்டான் ஆலை, ஜூன் 10

அன்புள்ள பணியாளர்களுக்கு வணக்கம்.

இந்த நிதியாண்டு முதல் நம் ஆலையில் பணிபுரியும் ஒவ்வொருவரும், எந்த ஷிப்டில் இருந்தாலும், ஊதியப் பிடித்தம் இல்லாமல் ஆண்டுக்கு 16 மணி நேரத்தை ஊர்ப்பணிக்குச் செலவிட நிர்வாகம் ஒப்புதல் அளித்துள்ளது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்கீழ் சமூகப் பொறுப்புக்காக நிறுவனம் செலவிட வேண்டிய தொகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பணியாளர்களின் உழைப்பைப் பணமாக மதிப்பிட்டு அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆகவே இது முழுக்க உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. வராதவர்களின் பெயரை யாரும் குறித்துவைக்க மாட்டார்கள்.

சென்ற ஆண்டு ஒரே காலையில் 200 மரக்கன்றுகளை நட்டுப் படமும் எடுத்துக்கொண்டோம். சித்திரை வெயிலுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது முப்பதுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் ஊற்றும் பொறுப்பை யாருக்கும் கொடுக்காதது குழுவின் தவறு. அதனால் இம்முறை, ஒரு நாளோடு முடிந்துவிடாத பணிகளையும், நம் கைத்தொழில் உண்மையாகவே பயன்படும் பணிகளையுமே தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

முதலாவது, பள்ளிப் பழுதுபார்ப்பு. மின்விசிறி சுற்றாத வகுப்பறை, நீர் ஏற்றாத மோட்டார், கதவு தொங்கும் கழிப்பறை ஆகியவற்றைச் சரிசெய்யப் பெரும்பாலும் பணத்தைவிட ஆள் கிடைப்பதுதான் கடினம். நம்மிடமோ எலக்ட்ரீஷியன்களும் பிட்டர்களும் வெல்டர்களும் நிறையவே இருக்கிறார்கள். ஆலையைச் சுற்றியுள்ள நான்கு அரசுப் பள்ளிகளை ஆளுக்கொரு பள்ளியாக நான்கு அணிகள் ஏற்று, மாதம் ஒரு சனிக்கிழமை அரை நாள் செல்லலாம். தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் எழுதித் தரும் பட்டியலில் உள்ள வேலைகளை மட்டுமே செய்ய வேண்டும். நமக்குத் தோன்றியபடி சுவருக்கு வண்ணம் பூசி நம் பெயரை எழுதிவிட்டு வருவது வேண்டாம். உதிரிப் பொருட்களை ஸ்டோரிலிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, வாசித்தல். பார்வையற்றோருக்கான பள்ளியைக் கொண்ட பாளையங்கோட்டை நமக்கு அருகிலேயே இருக்கிறது. கல்லூரிப் பாடங்களையும் போட்டித் தேர்வு நூல்களையும் தெளிவான தமிழில் வாசித்துப் பதிவுசெய்து தரும் குரல்கள் தேவை. இதை வீட்டிலிருந்தே, இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த பிறகும் செய்யலாம் என்பதால், வெளியே வர இயலாதவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைக்கிறோம். அட்டவணையையும் படத்தையும் எப்படிச் சொல்லில் விளக்குவது என்பதற்கு ஒரு பயிற்சி நடத்துவோம். பார்வையற்றோர் சொல்வதை எழுதும் உதவியாளராகத் தேர்வறைக்குச் செல்ல விரும்புவோர் தனியே பெயர் கொடுங்கள். யார் எழுதலாம் என்ற விதி தேர்வுக்குத் தேர்வு மாறும்.

மூன்றாவது பணி தாமிரபரணியைச் சேர்ந்தது. பாபநாசத்தில் நீராடிவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவரும் வழக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். நம் வீட்டுப் பெரியவர்களும் விட்டிருப்பார்கள். மூழ்கிய துணியை அள்ளுவதைவிட அது ஆற்றில் விழாமல் பார்ப்பதே எளிது. ஆடி அமாவாசையன்று படித்துறை மேல்படியில் கூடைகளுடன் நின்று, வருவோரிடம் தணிந்த குரலில் பேசித் துணியை வாங்கி வைக்க 20 பேர் வேண்டும். யாரிடமும் வாக்குவாதம் கூடாது. நம் அணியினர் ஆற்றில் இறங்கவும் கூடாது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் பகுதி புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், வனத்துறை அனுமதி கிடைத்தால் மட்டுமே அங்கு இன்னொரு அணி செல்லும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, புரட்டாசியில் குளக்கரைகளில் பனங்கொட்டை ஊன்றலாம். பனைக்கு மரக்கன்று அளவுக்குக் கவனிப்பு தேவையில்லை என்றாலும், முளைத்ததை ஆடு கடிக்காமல் காக்க அடுத்த கோடைவரை பொறுப்பேற்போர் மட்டும் வாருங்கள்.

ஜனவரியில் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர விரும்புவோருக்குப் பறவைகளை இனங்காணும் பயிற்சி டிசம்பரில் கூந்தன்குளத்தில் நடத்தப்படும். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது. குழந்தைகளை அழைத்து வரலாம். கைபேசியில் பாட்டுப் போட வேண்டாம்.

கணக்குப் பிரிவினருக்கும் ஒரு வேலை உண்டு. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் பெண்கள் சிலர், வெளியூர் ஆர்டர்களுக்கு ரசீது போடவும், பார்சல் செலவையும் சேர்த்து விலை சொல்லவும் துணை கேட்டிருக்கிறார்கள். மாதம் இரண்டு மணி நேரம் போதும். விலையை நிர்ணயிப்பது அவர்கள் உரிமை. நாம் கணக்கு மட்டும் சொல்லித் தர வேண்டும்.

இவற்றுடன், 2023 டிசம்பர் வெள்ளத்தில் பட்ட பாட்டை நினைவில் வைத்து, ஆற்றங்கரைத் தெருக்களில் வசிக்கும் நம் பணியாளர்களைக் கொண்டு முதலுதவிப் பயிற்சி பெற்ற அணி ஒன்றையும் அமைக்கிறோம். ரத்ததானம் செய்ய விரும்புவோரின் பட்டியல் வழக்கம்போல் மருத்துவ அறையில் இருக்கும்.

விருப்பமான ஒரு பணியை மட்டும் தேர்ந்தெடுத்து, ஜூன் 25-ஆம் தேதிக்குள் மனிதவளப் பிரிவில் உள்ள பதிவேட்டில் பெயர், ஷிப்ட், வரக்கூடிய நாள் ஆகியவற்றை எழுதுங்கள். ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் இந்த 16 மணி நேரம் உண்டு. வாகனமும் மதிய உணவும் ஆலையின் பொறுப்பு.

இப்படிக்கு,
சமூகப் பொறுப்புக் குழுவினர்