ஆண்டு 3: யோகா, நீட்சிப் பயிற்சி – புதன்கிழமைக்கான திட்டம்

இடம்: பள்ளி மண்டபம், சுங்கை சிப்புட்
நேரம்: காலை 7.45 – 8.45 (இரண்டு பாடவேளை)
மாணவர்கள்: 26 பேர்

டீச்சர், புதன்கிழமை நான் ஈப்போவில் பயிற்சியில் இருப்பேன். வகுப்பு உங்களுடையது என்பதால் வழக்கமாகப் பாடக்குறிப்பில் எழுதுவதைவிட விரிவாக எழுதியிருக்கிறேன். ஆசனங்களில் எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மணி 8.25 ஆனதும், எந்த ஆசனம் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் படுக்க வையுங்கள். போன வருடம் ஒரு நாள் நேரம் போனது தெரியாமல் ஆசனங்களைச் செய்ய வைத்து, மணி அடித்ததும் அப்படியே வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். ஓடிய பிள்ளைகளில் ஒருவன் மண்டபப் படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அடுத்த பாடம் முழுக்க வகுப்பு அடங்கவே இல்லை. அதிலிருந்து கடைசி ஓய்வுக்கு 12 நிமிடம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறேன்.

தொடங்கும் முன்

முதல் நாள் இரவு மழை பெய்திருந்தால் மண்டபத்தின் திறந்த பக்கமாகச் சாரல் உள்ளே வந்திருக்கும். துடைத்துவிடச் சொல்லுங்கள். காலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் செய்ய வேண்டும். காலுறை சிமெண்டுத் தரையில் வழுக்கும். ஸ்டோர் அறையில் இருக்கும் பாய்களும் அப்படித்தான், நின்று செய்யும் ஆசனங்களில் காலடியில் நகர்ந்துவிடும். அதனால் பாயை உட்காரவும் படுக்கவும் மட்டும் விரியுங்கள். கைநீட்டினால் பக்கத்துப் பிள்ளை மேல் படாத அளவுக்கு இடைவெளி வேண்டும்.

காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பள்ளிக்கு வரும் வழியில் நாசி லெமாக் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்த பிள்ளைகள் குனிவதையும் குப்புறப் படுப்பதையும் விட்டுவிடட்டும். ஒன்றுமே சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு என் மேசையில் பிஸ்கட் டின் இருக்கிறது, இரண்டு கொடுத்துத் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

நான்கு பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் வரிசையில் நிற்கும் கண்ணாடி போட்ட பையனுக்கு இழுப்பு உண்டு. அவனுடைய பம்ப் பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். பையை வகுப்பில் விடாமல் மண்டபத்துக்கே கொண்டு வரட்டும். மணிக்கட்டு முறிந்து போன மாதம் கட்டுப் பிரித்த பிள்ளை கையில் எடை போடவே கூடாது. பரதம் கற்கும் பிள்ளைக்கு உடம்பு நன்றாக வளையும், எல்லாரும் அவளைத்தான் பார்ப்பார்கள். ஆனால் நிற்கும்போது முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டிக்கொள்வாள். கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். அப்புறம், கண்ணை மூடச் சொன்னால் பயப்படுகிற பையன் ஒருவன் இருக்கிறான். காரணம் கேட்க வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.

வகுப்பில் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள். மந்திர உச்சரிப்பும் வழிபாட்டுக் கூறுகளும் கலந்த யோகா முஸ்லிம்களுக்குக் கூடாது என்று 2008இல் தேசிய ஃபத்வா மன்றம் அறிவித்தது. அவர்களின் பெற்றோரிடம் நான் பேசியிருக்கிறேன். நீட்சியும் மூச்சும் மட்டும் என்றால் சம்மதம் என்றார்கள். ஆகவே யாருக்குமே ஓம் இல்லை, சூரிய நமஸ்காரம் இல்லை, கைகூப்பச் சொல்வதும் இல்லை.

7.55 – மூச்சு

சம்மணமிட்டு உட்கார வைத்து, ஒரு கையை வயிற்றில் வைக்கச் சொல்லுங்கள். “மல்லிகைப் பூவை மோந்து பாருங்கள்” என்றால் மூக்கால் இழுப்பார்கள். “சூடான தேத்தண்ணியை ஊதி ஆற்றுங்கள்” என்றால் வாயால் மெல்ல விடுவார்கள். இழுக்க மூன்று எண்ணிக்கை, விட நான்கு. ஆறு தடவை போதும். இந்த வயதில் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 20 தடவை போல மூச்சு வாங்கும் என்பதால் பெரியவர்களின் நீண்ட எண்ணிக்கையைப் பிள்ளைகள்மேல் ஏற்றக் கூடாது. மூச்சை அடக்குவதும், வேகமாக மூச்சுவிடும் கபாலபாதியும் வேண்டவே வேண்டாம். யாருக்காவது தலை சுற்றினால் எண்ணுவதை விட்டு இயல்பாக மூச்சுவிடச் சொல்லுங்கள்.

8.00 – உடம்பைச் சூடாக்குதல்

நின்ற இடத்திலேயே நடை, தோள் சுழற்சி, கணுக்கால் சுழற்சி, பக்கவாட்டுச் சாய்வு. கழுத்தை முழு வட்டமாகச் சுற்ற வேண்டாம். இடம், வலம், கீழே, அவ்வளவுதான்.

8.08 – ஆசனங்கள்

ஒவ்வொன்றிலும் மூன்று மூச்சு. வலித்தால் உடனே விட்டுவிடலாம் என்பதை முதலிலேயே உரக்கச் சொல்லுங்கள். தசை இழுபடுவதற்கும் வலிக்கும் வித்தியாசம் தெரியாத வயது, சொன்னால்தான் புரியும்.

மலை: நேராக நிற்பது. அதிலிருந்து பால்மரம், அதாவது விருட்சாசனம். இங்கே பிள்ளைகளின் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள், அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மலரும். பாதத்தைக் கெண்டைக்காலில் வைக்கலாம், அல்லது விரல்நுனி தரையில் இருக்கலாம். முழங்காலின் பக்கத்தில் மட்டும் வைத்து அழுத்தக் கூடாது. தடுமாறுகிறவர்கள் சுவரைத் தொட்டுக்கொள்ளட்டும். எதிரே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

பிறகு கையும் முழங்காலும் ஊன்றிப் பூனை, பசு: மூச்சை இழுக்கும்போது நெஞ்சைத் திறப்பது, விடும்போது முதுகை வளைப்பது. அங்கிருந்து சோம்பல் முறிக்கும் நாய். முழங்கால் மடிந்தே இருக்கலாம். மணிக்கட்டுப் பிள்ளை இந்த இரண்டு நேரமும் சுவரில் முழங்கையைச் சாய்த்து நின்றபடி செய்வாள். பாம்புக்கு முழங்கையைத் தரையில் வைத்து நெஞ்சை மட்டும் தூக்கினால் போதும், இடுப்பு ஒடிய வளைய வேண்டியதில்லை. கடைசியாக உட்கார்ந்து பட்டாம்பூச்சி. முழங்காலைக் கையால் அமுக்கவிடாதீர்கள்.

யூடியூப் பார்த்துவிட்டுத் தலைகீழாக நிற்கலாமா என்று கேட்பார்கள். சிரசாசனம், சர்வாங்காசனம், கலப்பை மூன்றும் இல்லை. உடம்பின் எடை கழுத்தில் இறங்கும் எதுவும் இந்த வகுப்பில் கிடையாது. யார் அதிகம் வளைகிறார் என்ற போட்டியும் வேண்டாம். பிள்ளைகளைத் தொட்டுத் திருத்தாமல், நீங்கள் செய்து காட்டி வாயால் சொல்லுங்கள்.

8.25 – அடங்குதல்

ஒரு நிமிடம் குழந்தை ஆசனம், நெற்றி தரையில். பிறகு மல்லாந்து படுக்கட்டும். சவாசனம் என்ற பெயரைச் சொல்லாதீர்கள். அதன் பொருள் தெரிந்த ஒரு பிள்ளை, தாத்தா இறந்த சமயம், படுக்கவே மறுத்துவிட்டாள். நாங்கள் இதை ‘மரநிழல்’ என்கிறோம். மின்விசிறியை மெதுவாக வைத்துவிட்டு, கீழே உள்ளதை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்:

“செம்பனை நிழலில் படுத்திருக்கிறோம். வேலை ஒன்றும் இல்லை. கால் விரல்களைச் சுருக்கிப் பிடியுங்கள்… இப்போது விட்டுவிடுங்கள். கையை இறுக்கி மூடுங்கள்… விடுங்கள். தோளைக் காது வரைக்கும் தூக்குங்கள்… விடுங்கள். முகத்தைச் சுருக்குங்கள்… விடுங்கள். வயிறு மேலே வருகிறது, கீழே போகிறது. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும். தூரத்தில் ஒரு சத்தம் கேட்கிறதா? கேட்டுவிட்டுப் போக விடுங்கள்.”

இதற்குப் பின் மூன்று நிமிடம் பேசாதீர்கள். சிரிப்புச் சத்தம் வரும், பொறுத்துக்கொண்டால் தானாக அடங்கும். அசையாமல் இருக்க முடியாத பிள்ளை பக்கவாட்டில் சுருண்டு படுக்கலாம். தூங்கிவிட்டால் தூங்கட்டும்.

எழுப்பும்போது கை தட்ட வேண்டாம். “விரல்களை அசையுங்கள், வலப்பக்கம் திரும்புங்கள், கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்காருங்கள்” என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். சடாரென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும். உட்கார்ந்தபடியே மூன்று மல்லிகை மூச்சு, ஒரு மிடறு தண்ணீர். 8.37க்கு வரிசை வரிசையாகக் காலணி போடட்டும். கடைசி வரிசை பாய்களைச் சுருட்டி ஸ்டோரில் வைக்கும். ஸ்டோர் சாவி அலுவலகத்தில் இருக்கிறது.