எங்கே இறுகியிருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு, படுத்தபடி

பாயை விரித்தாச்சா? சரி, மல்லாந்து படுங்கள். பாய்க்கு அடியில் ஒரு ஜமுக்காளம் போதும், மெத்தை வேண்டாம். இன்றைக்குத் தரைதான் நமக்கு வேலை செய்யப்போகிறது, மெத்தை போட்டால் எல்லாவற்றையும் அது வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாது. முதுகுவலி உள்ளவர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுங்கள். வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தே செய்யலாம். கண்ணை மூடினால் படபடப்பு வருகிறவர்கள் மூட வேண்டாம், கூரையைப் பார்த்தபடி இருங்கள்.

பக்கத்துத் தெருவில் தறி ஓடுகிறது. அம்மாப்பேட்டையில் வகுப்புக்கு மாடி எடுத்துவிட்டு அமைதி வேண்டும் என்று கேட்க முடியாது. ஓடட்டும்.

போன சனிக்கிழமை ஓர் அக்கா, "டென்ஷனா இருக்கு, ஆனா எங்கன்னு கேட்டா சொல்லத் தெரியல, உடம்பு பூராவும் இருக்கிற மாதிரியும் இருக்கு, எங்கயுமே இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார். தெரியாமல் இருப்பதில் அதிசயம் இல்லை. கட்டியிருக்கும் வாட்ச் பத்து நிமிடத்தில் மறந்துபோகிற மாதிரி, நாள் முழுக்க ஒரே மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிற தசையைப் பற்றி மூளை கவனிப்பதை விட்டுவிடுகிறது. அதனால் வலியைத் தேடாதீர்கள். இப்போது வேலையே இல்லாத இடத்தில் எது வேலை செய்துகொண்டிருக்கிறது, அதை மட்டும் பார்ப்போம்.

ஏற்காடு பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து இறங்கியிருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நம் வலது கால் தரையை அழுத்தும், அங்கே பிரேக்கும் இல்லை, ஓட்டுகிறவரும் நாம் இல்லை. எனக்கு அடிவாரம் வந்து, டவுன் வந்து, வீட்டில் டீ குடிக்கும்போதும் கால் அழுத்திக்கொண்டேதான் இருந்தது, டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் பார்த்தேன். அந்த மாதிரி பிரேக்குகளைத்தான் இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறோம்.

மூச்சை மாற்ற வேண்டாம். அதுபாட்டுக்கு வரட்டும், போகட்டும். மூன்று முறை.

இடது கால். கட்டைவிரல். அங்கே என்ன இருக்கிறது? சூடு, குளிர்ச்சி, காற்றுப் படுவது, எதுவானாலும் சரி. ஒன்றுமே தெரியவில்லை என்றால் "ஒன்றும் தெரியவில்லை" என்பதே பதில், அதை வைத்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போங்கள். உள்ளங்கால். குதிகால் பாயில் எந்தப் புள்ளியில் படுகிறது, நடுவிலா, வெளிப்பக்கமா? பாதம் தானாக வெளியே சாய்ந்து கிடக்கிறதா, இல்லை யாரோ பிடித்து நிறுத்திய மாதிரி நிற்கிறதா?

நிற்கிறது என்றால் தளர்த்தாதீர்கள். முதலில் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், கால்வாசி பலத்தில், மூச்சை அடக்காமல். ஒன்று, இரண்டு, மூன்று. விடுங்கள். விட்ட அந்த நொடியில்தான் முன்னால் எவ்வளவு இறுக்கம் இருந்தது என்று தெரியும். தெரியாத இடம் எங்கே வந்தாலும் இதையே செய்யுங்கள். அங்கே வலியோ தசைப்பிடிப்போ இருந்தால் மட்டும் இறுக்க வேண்டாம், கவனித்துவிட்டு நகருங்கள்.

கெண்டைக்கால். முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளி. தொடை. இப்போது வலது காலுக்குப் போகாமல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: இடது கால் கனமா, வலது கால் கனமா? இப்படி ஒப்பிட்டால் உடம்பு சட்டென்று பதில் சொல்லும். சரி, இனி வலது கட்டைவிரல், உள்ளங்கால், குதிகால், அப்படியே மேலே. பஸ் கால் இதுதான். மெதுவாக.

புட்டம். நாம் யாரும் பேசாத இடம், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பலர் இறுக்கி வைத்திருப்பது இங்கேதான். அடிவயிறு. தொப்பை தெரியக்கூடாது என்று காலையில் உள்ளே இழுத்தது இன்னும் வெளியே வரவில்லையா? இருட்டில் யாரும் பார்க்கவில்லை, விடுங்கள். மூச்சு உள்ளே வரும்போது வயிறு எழும்புகிறதா, நெஞ்சு மட்டும் எழும்புகிறதா?

இங்கேயே கொஞ்ச நேரம். ஐந்து மூச்சு.

நம் வகுப்புக்கு வருகிற தம்பி ஒருவர் வெள்ளிக் கொலுசு பற்றவைக்கிறவர். பொடி பொடி வளையத்தை ஒட்டும்போது கை ஆடக்கூடாதென்று மூச்சை நிறுத்துவார், அது வேலைக்குத் தேவை. கடை சாத்தி வீட்டில் சாப்பிடும்போதும் அப்படியே நிறுத்துகிறார் என்று மூன்றாவது வாரம்தான் கண்டுபிடித்தார். உங்களுக்கும் மூச்சு எங்கேயாவது நின்று நின்று போகிறதா? சரி செய்ய வேண்டாம். எங்கே நிற்கிறது என்று பாருங்கள், போதும்.

முதுகு. தரையில் படுகிற இடம் எது, படாமல் மேலே நிற்கிற இடம் எது? இடுப்புக்கு மேலே கொஞ்சம் வளைவு இருப்பது இயல்பு, அதைத் தரையோடு அமுக்கப் பார்க்காதீர்கள். தோள்பட்டை இரண்டும் பாயில் கிடக்கிறதா? ஒன்று கிடந்து ஒன்று காதுப்பக்கம் ஏறியிருக்கலாம், பை மாட்டுகிற தோளாக இருக்கும். இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று, விடுங்கள்.

கைகள். உள்ளங்கையில் எதுவும் இல்லை, ஆனால் விரல்கள் போனைப் பிடித்த வடிவத்திலேயே மடங்கியிருக்கிறதா? கட்டைவிரலின் அடிச்சதையைக் கவனியுங்கள்.

இப்போது முகம், இங்கே அவசரப்பட வேண்டாம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடுகிறதா? சும்மா இருக்கும்போது தொடத் தேவையில்லை. உதடு மூடியிருக்கட்டும், உள்ளே பற்கள் நூலளவு விலகட்டும். நாக்கு எங்கே? மேலண்ணத்தை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தால், சொல்ல வந்து சொல்லாமல் விழுங்கிய வார்த்தை ஏதாவது அங்கே நிற்கிறதோ என்று நான் நினைத்துக்கொள்வேன் (இது என் கற்பனைதான், மருத்துவம் இல்லை). பல்லை லேசாகக் கடியுங்கள். விடுங்கள். கன்னத்தில், காதுக்குக் கீழே, ஏதாவது இறங்குகிறதா?

கண் இமைக்குப் பின்னால். புருவங்களுக்கு நடுவே. நெற்றி. பின்மண்டை பாயில் படுகிற அந்த எட்டணா அகலம். தலையை யார் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், தரையா, உங்கள் கழுத்தா? தரையிடம் கொடுங்கள்.

இனி உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில், குதிகாலிலிருந்து உச்சி வரை. தறிச்சத்தம் கேட்கும்போது எங்கேயாவது ஓர் இடம் லேசாகச் சுருங்குகிறதா? எங்கே? எதுவும் தென்படவில்லை என்றாலும் பரவாயில்லை, இரண்டாவது, மூன்றாவது தடவையில் தென்படலாம். இப்படியே இருங்கள், நான் பேசப்போவதில்லை.

சரி. விரல்களை அசையுங்கள். கண்ணைத் திறக்கலாம். வலப்பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி, தலை கடைசியில் வருகிற மாதிரி எழுந்து உட்காருங்கள். சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும். படிக்கட்டில் லைட் போய்விட்டது, பார்த்து இறங்குங்கள். தூங்கிவிட்டவர்களை யாரும் தட்ட வேண்டாம், பாய் சுருட்டும்போது நான் எழுப்பிக்கொள்கிறேன்.