சிபிசி சாம்பிள் எடுப்பது பற்றி நிவேதாவுக்கு

அன்புள்ள நிவேதா,

புதன்கிழமை காலை பெண்கள் வார்டிலிருந்து வந்த சாம்பிள் ஒன்றில் பிளேட்லெட் 22,000 என்று அனலைசர் காட்டியது. காய்ச்சல் நான்காம் நாள், டெங்கு சந்தேகம் என்று சீட்டில் இருந்தது. மூடியைத் திறந்து மரக்குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றினேன். நுனியில் மெல்லிய நூலாக ஓர் உறைகட்டி ஒட்டிக்கொண்டு வந்தது. ரிப்போர்ட்டை நிறுத்திவைத்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னேன். இரண்டாவது டியூபில் 1,68,000.

முதல் டியூப் நீ எடுத்தது. உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த 22,000 வார்டுக்குப் போயிருந்தால் பிளேட்லெட் ஏற்பாடு செய்யுங்கள் என்று வீட்டாரை ரத்த வங்கிக்கு ஓடவிட்டிருப்பார்கள். இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியிருப்பார்கள். தேவையில்லாத ரத்தப்பொருள் ஒன்று அந்தப் பெண்ணின் உடம்பில் ஏறியிருக்கலாம். மெஷின் தன் முன்னால் வைத்ததை எண்ணித் தரும், அவ்வளவுதான். எண் சரியா தப்பா என்பது பெரும்பாலும் நோயாளியின் கைப்பக்கத்தில் நாம் நிற்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. திங்கள் முதல் கலெக்‌ஷன் முழுவதும் உன் பொறுப்பு என்பதால் நேரில் சொன்னவற்றையும் சொல்ல விட்டவற்றையும் எழுதித் தருகிறேன்.

உறைவதிலிருந்தே தொடங்குகிறேன். ஊசி நரம்புக்குள் போன கணத்திலிருந்தே ரத்தம் உறையத் தயாராகிறது. அதை நிறுத்துவது ஊதா மூடி டியூபில் இருக்கும் ஈடிடிஏ மட்டும்தான். அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உறைதல் மேலே நகராது. ஆனால் டியூபுக்குள் மருந்து இருந்தால் போதாது, ரத்தம் முழுவதும் அதோடு கலக்க வேண்டும். நம் டியூபில் மருந்து சுவரோடு காய்ந்து படிந்திருக்கிறது. ரத்தத்தை ஊற்றி அப்படியே ஸ்டாண்டில் நிறுத்தினால் சுவரோரம் இருப்பது கலக்கும், நடுவில் இருப்பது உறையத் தொடங்கிவிடும். புதன்கிழமை நீ செய்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். டியூபை நிரப்பி ஸ்டாண்டில் வைத்தாய், பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாய், ஸ்டிக்கரைத் தேடினாய், அப்புறம்தான் டியூபைக் கையில் எடுத்தாய். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

நிரப்பிய கையோடு, வேறெதையும் தொடுவதற்கு முன், டியூபை எட்டு முதல் பத்து தடவை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்து. காற்றுக்குமிழி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முழுதாகப் போய்வந்தால்தான் ஒரு தடவை. மோர் பாட்டிலைக் குலுக்குகிற மாதிரி குலுக்காதே. செல்கள் உடைந்துவிடும். உடைந்த சிவப்பணுத் துணுக்குகளை மெஷின் பிளேட்லெட் என்று எண்ணிவிடவும் கூடும். அப்போது குறைவாக இருக்க வேண்டிய கவுண்ட் நன்றாக இருப்பதுபோல் தெரியும். அது இன்னும் ஆபத்து.

சிரிஞ்சில் எடுக்கும்போது நேரம் நமக்கு எதிராகவே ஓடுகிறது. நரம்பு கிடைக்காமல் ஊசியை உள்ளே வைத்து அங்கும் இங்கும் துழாவி, சொட்டுச் சொட்டாக இழுத்து 3 மில்லி சேர்த்தால் சிரிஞ்சுக்குள்ளேயே உறைந்திருக்கும். அதை ஊதா டியூபில் ஊற்றிப் பயனில்லை. அந்த இடத்தை விட்டுவிடு, புது ஊசி எடு, வேறு நரம்பு பார். இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லையென்றால் என்னையோ சீனியரையோ கூப்பிடு. கூப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. டியூபுக்கு மாற்றும்போது ஊசியைக் கழற்றிவிட்டு, ரத்தம் சுவரோரமாக வழிந்து இறங்கும்படி விடு. ஊசி வழியாக வேகமாகப் பீய்ச்சினால் செல்கள் உடையும். கழற்றிய ஊசியை மறுபடி மூடாதே. நேரே துளைபடாத வெள்ளை டப்பாவில் போடு.

பயோகெமிஸ்ட்ரியும் கேட்டிருந்தால் சீரம் டியூபுக்கு முதலில், ஊதாவுக்கு அப்புறம். பொட்டாசியம் உப்பாகத்தான் ஈடிடிஏ டியூபில் இருக்கிறது. அதன் துளி சீரம் டியூபுக்குப் போனாலும் பொட்டாசியம் ஏறிக் கால்சியம் இறங்கும். இந்த வரிசைக்காக ஊதா டியூப் காத்திருக்கிறது என்பதாலேயே நடுவில் நிறுத்தாமல் கையை வேகமாக நகர்த்த வேண்டியிருக்கிறது.

டியூபில் 2 மில்லி கோடு வரை நிரப்பு. ஒரு மில்லி கிடைத்தாலும் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். மெஷினுக்கு அது போதும்தான், ஆனால் செல்களுக்கு இரண்டு மடங்கு மருந்து கிடைக்கிறது. சிவப்பணு சுருங்கும், சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பார்க்கும் பிசிவி குறைந்து வரும், ஸ்மியரில் செல்களின் உருவமும் கெடும். அதிகமாக நிரப்பினால் குமிழி ஓட இடமில்லாமல் கலக்காது, உறையும். பாதிப்பாதியாக இருக்கும் இரண்டு ஊதா டியூபை ஒன்றாகச் சேர்ப்பதோ, வேறு நிற டியூபிலிருந்து இதில் ஊற்றுவதோ கூடவே கூடாது.

இனி டிரிப்ஸ். டிரிப்ஸ் ஓடுகிற கையில் அதற்கு மேல்பக்கம் எடுத்தால் நீ எடுப்பது பாதி ரத்தம், பாதி சலைன். எச்பி, வெள்ளணு, பிளேட்லெட் மூன்றும் ஒன்றுபோல் விழும். நேற்று எச்பி 11, இன்று 7 என்று வந்தால் வார்டில் எங்கே ரத்தப்போக்கு என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். மறு கையில் எடு. இரண்டு கையிலும் ஓடினால் டிரிப்ஸை நிறுத்தலாமா என்று சிஸ்டரிடம் கேள். நீயாக அதில் கைவைக்காதே. அவர் நிறுத்தியபின் குறைந்தது இரண்டு நிமிடம் பொறுத்து, டிரிப்ஸ் ஊசிக்குக் கீழ்ப்பக்கம் எடுத்து, முதலில் வரும் ரத்தத்தை ஒதுக்கிவிட்டு மீதியை நிரப்பு. இன்ன கையில் டிரிப்ஸ் நிறுத்தி எடுத்தது என்று சீட்டிலும் எழுது. அந்த ஒரு வரி இருந்தால் ரிப்போர்ட் பார்க்கும் எனக்கு எவ்வளவோ உதவும்.

டூர்னிக்கெட் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கட்டிவிட்டு நரம்பு தேடிக்கொண்டே நின்றால் நீர் வெளியேறி ரத்தம் கெட்டியாகிறது, எச்பி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நரம்பைப் பார்த்து முடிவுசெய்தபின் அவிழ்த்து, கை துடைத்து, ஸ்பிரிட் காய்ந்தபின் மறுபடி கட்டிக் குத்து. ஸ்பிரிட் ஈரமாக இருக்கும்போது குத்தினால் நோயாளிக்கு எரியும், செல்லும் உடையும்.

குழந்தைகள் வார்டில்தான் உனக்குப் பொறுமை அதிகம் தேவைப்படும். விரலிலோ குதிகாலிலோ குத்தி எடுக்கும்போது முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும், அதில் திசுநீர் கலந்திருக்கும். ரத்தம் வரவில்லையே என்று பிசையாதே. பிசைந்தால் திசுநீர்தான் வரும், பிளேட்லெட்டும் கட்டிகட்டியாக ஒட்டும். குத்துவதற்கு முன்பே பாதத்தை வெதுவெதுப்பான துணியால் கொஞ்ச நேரம் சுற்றிவைத்தால் ரத்தம் தானாக வழியும். பச்சிளங்குழந்தையின் குதிகாலில் உட்புற, வெளிப்புற ஓரங்களில் மட்டும் குத்து. நடுவிலோ பின்வளைவிலோ எலும்பு மிக அருகில் இருக்கிறது. நரம்பில் எடுப்பதற்கு மாறாக இங்கே ஊதா மைக்ரோ டியூபைத்தான் முதலில் நிரப்ப வேண்டும், ஏனென்றால் பிளேட்லெட் ஒட்டத் தொடங்குவதற்குள் மருந்தில் சேர வேண்டும். ஒவ்வொரு துளிக்கும் டியூபை லேசாகத் தட்டிக் கலந்துகொண்டே போ. வீறிட்டு அழுத குழந்தைக்கு வெள்ளணு கூடுதலாக வரலாம், அதையும் சீட்டில் குறித்துவிடு.

ஸ்டிக்கர் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். எடுப்பதற்கு முன்பே ஒட்டிவைப்பதும் வேண்டாம், மேசைக்கு வந்து ஒட்டுவதும் வேண்டாம். நோயாளியின் பக்கத்தில் நின்றபடி, கலக்கி முடித்ததும் ஒட்டு. “நீங்கதானே லட்சுமி?” என்று கேட்டால் காய்ச்சல் மயக்கத்தில் யாரும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். “பேரு என்னம்மா? வீட்டுக்காரர் பேரு?” என்று அவர்களையே சொல்லவிட்டு, ஐபி நம்பரைச் சீட்டோடு ஒத்துப்பார். கட்டில் எண்ணை நம்பாதே. மழைக்காலத்தில் நம் வார்டில் ஒரு கட்டிலில் காலையில் ஒருவர், மதியம் இன்னொருவர். ஆள் மாறிய சாம்பிளில் மெஷின் எந்தக் கொடியும் காட்டாது. எல்லாம் அழகாக, சுத்தமாக வரும், ஆனால் வேறொருவருடைய ரத்தமாக இருக்கும். உறைகட்டியைக் குச்சியால் கண்டுபிடிக்கலாம், இதைக் கண்டுபிடிக்கப் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவதைத் தவிர நமக்கு வழியில்லை. முதல்முறை வந்த நோயாளி என்றால் அதுவும் கிடையாது.

எடுத்த நேரத்தை டியூபில் எழுது. கவுண்ட் ஒரு நாள் வரை ஓரளவு தாங்கும், ஸ்மியர் தாங்காது. சில மணி நேரத்திலேயே வெள்ளணுக்களில் குழிகள் விழும், சிவப்பணு உப்பி எம்சிவி ஏறும். ஆகவே ஸ்மியரை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிடு. சாம்பிள் பெட்டியை ஜன்னல் வெயிலில் வைக்காதே, ஐஸ் கட்டிமேலும் வைக்காதே. ஃபிரிட்ஜில் இருந்த டியூபை அறைச் சூட்டுக்கு வந்தபின், மறுபடி நன்றாகக் கலந்துதான் மெஷினில் வை. நின்ற டியூபில் சிவப்பணு அடியில் தங்கியிருக்கும். கலக்காமல் வைத்தால் எச்பி என்ன வேண்டுமானாலும் வரும்.

மெஷின் எண் தந்ததும் ஒரு சின்னக் கணக்குப் போடு. எச்பியை மூன்றால் பெருக்கினால் பிசிவிக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும், மூன்று கூடக்குறைய இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணு சிறுத்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. மற்றபடி தள்ளிப்போனால் ஏதோ தப்பு என்று நில். எம்சிஎச்சி 37-க்கு மேல் போனால் செல் உடைந்திருக்கிறதா, பிளாஸ்மா பால்போல் இருக்கிறதா என்று பார். சிவப்பணு எண்ணிக்கை மட்டும் அபத்தமாகக் குறைந்து எம்சிவியும் ஏறியிருந்தால் குளிரில் செல்கள் ஒட்டியிருக்கலாம். டியூபை 37 டிகிரியில் சூடாக்கி உடனே மறுபடி ஓட்டு.

பிளேட்லெட் குறைவாக வந்த ஒவ்வொரு சாம்பிளிலும் முதலில் குச்சி, அடுத்து ஸ்மியர். ஸ்மியரின் ஓரத்தில் பிளேட்லெட் கூட்டமாக ஒட்டிக் கிடந்தால் அந்த எண்ணை அனுப்பாதே. சிலருக்கு ஈடிடிஏவே பிளேட்லெட்டை ஒட்டவைக்கிறது. எத்தனை நன்றாகக் கலக்கினாலும் அப்படித்தான் வரும், நேரம் போகப்போகக் கூடும். அது நோயும் இல்லை, உன் தப்பும் இல்லை. நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து ஓட்டி, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கு. அந்த டியூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் இருப்பதால் இந்தத் திருத்தம். சிட்ரேட்டிலும் ஒட்டினால் ஸ்மியரைப் பார்த்து மதிப்பிட்டு, ரிப்போர்ட்டில் அப்படியே எழுதித் தருவோம்.

சந்தேகப்பட்ட சாம்பிளைத் திருப்பி அனுப்ப நீ தயங்குவதைக் கவனித்தேன். வார்டில் சலித்துக்கொள்வார்கள், நோயாளி இன்னொரு குத்தா என்று முகம் சுளிப்பார். உண்மைதான். உறைந்திருக்கிறது, மறுபடி வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடு. யாராவது சத்தம் போட்டால் என் பெயரைச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். காரணத்தையும் நேரத்தையும் நிராகரிப்புப் பதிவேட்டில் எழுதிவை. அதற்காக யாரையும் நான் கேள்வி கேட்கப்போவதில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்குக் குழந்தைகள் வார்டில் இரு. நீ குத்து, நான் பக்கத்தில் நிற்கிறேன். வரும்போது மைக்ரோ டியூபின் காலாவதித் தேதியைப் பார்த்து எடுத்துவா, அலமாரியின் மேல்தட்டில் இருப்பது பழைய பெட்டி.

அன்புடன்,
சாந்தி
மேற்பார்வையாளர், ஹெமட்டாலஜி பிரிவு